தினசரி காலண்டரில் எழுதிய இரண்டு மாதம்

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். அப்பாவுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை. அதிகாலை இரண்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரே அறை, நடுவில் ஒரு திரை. விளக்கு எரிந்தால் அவர் தூங்க முடியாது. தம்பி பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய 2025ஆம் ஆண்டில், அவனுடைய திருப்புதல் அட்டவணைக்கான கணக்கு இந்த விளக்கிலிருந்துதான் தொடங்கியது. அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் பாடங்களிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு நாளில் உண்மையாகக் கிடைக்கும் நிமிடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் வீணாக வேண்டியிருந்தது.

அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 2019இல் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினேன். கடைசி அறுபது நாளை ஆறு பாடங்களுக்குப் பத்துப் பத்து நாளாகப் பிரித்தேன். முதல் பத்து நாள் முழுக்கத் தமிழ், அடுத்த பத்து நாள் முழுக்க ஆங்கிலம் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனேன். முடிக்கும்போது ஒவ்வொரு பாடமும் கைக்குள் இருப்பதுபோலவே இருந்தது. ஆறாவது பாடத்தை முடித்துவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தபோது, ஐம்பது நாளுக்கு முன் மனப்பாடம் செய்த பாடல்களில் முதல் அடிக்கு மேல் எதுவும் வரவில்லை. உழைப்பில் குறை இல்லை. ஒரு பாடத்தை ஒரே மூச்சில் படித்து மூடிவிட்டால் அது மறந்துபோகும். ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து எழுதியது 1885இல். பரப்பிப் படித்தால் குறைந்த தடவையிலேயே நிற்கும் என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே தம்பிக்கு அப்படி நேரக்கூடாது என்று நானே உட்கார்ந்தேன். பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், கட்டம் போடுவது எனக்குப் பழக்கம். அவன் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவு. மொழிப் பாடங்கள் இரண்டையும் சேர்த்தால் ஆறு. ஜனவரி 4ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கினோம். முதல் தேர்வான தமிழ் மார்ச் 3ஆம் தேதி. நடுவில் 58 நாள்.

முதலில் பாடங்களைத் துண்டுகளாக்கினோம். ஒரே அமர்வில் படித்து, புத்தகத்தை மூடி, எழுதிப் பார்க்கக்கூடிய அளவு ஒரு துண்டு. பாடத்தை அப்படியே அலகாக வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது. மின்வேதியியலை ஒரே அமர்வில் முடிக்க முடியாது என்பதால் கடத்துத்திறன் ஒரு துண்டு, மின்கலங்கள் ஒரு துண்டு. ஆங்கிலத்தில் ஆறு அலகும் ஆறு துண்டு. தமிழில் எட்டு இயலும் எட்டு. கணிதத்தின் 12 பாடங்கள் 18 துண்டுகளாயின, இயற்பியலின் 11 பாடங்கள் 16, வேதியியலின் 15 பாடங்கள் 18. உயிரியலில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து 20. மொத்தம் 86.

அடுத்துத்தான் தவறு செய்தேன். படித்த துண்டை 1, 3, 7, 15, 30 நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற வரிசை பலரும் சொல்வது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று புதிய துண்டு என்று வைத்தேன். 86 துண்டும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. சனியும் ஞாயிறும் அருமையாகப் போயின. விடுமுறை நாள், நேரம் இருந்தது, திரும்பப் பார்க்க வேண்டிய பழைய பாடமும் அதிகம் சேரவில்லை.

புதன்கிழமை முட்டியது. அன்று மூன்று புதிய துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். அதோடு முந்தைய நாளின் மூன்றும் ஞாயிற்றுக்கிழமையின் மூன்றும் திரும்பி வந்தன, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். ஆக மொத்தம் ஐந்து மணி நேரம். அவனுக்குக் கிடைப்பதோ அப்பா கிளம்பிப் போன பிறகு காலை நாலரை முதல் ஆறு வரை ஒன்றரை மணி, மாலை ஆறரை முதல் எட்டரை வரை இரண்டு மணி. மூன்றரை மணி நேரம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பார்த்தபோது 11 திருப்புதல்கள் பாக்கி நின்றன. “அக்கா, நேற்றையதை முடிக்காமல் இன்றையதைத் தொட மனசு வரவில்லை” என்றான். இன்றையதைத் தொடாவிட்டால் நாளை இன்னும் ஏறும். நான் தாளை எடுத்து முன்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த முறையிலேயே போனால் பதினாறாம் நாளில் மூன்று புதியவையும் பன்னிரண்டு பழையவையும் சேர்ந்து ஏழு மணி நேர வேலை நிற்கும். மூன்றரை மணி நேரத்துக்குள் ஏழு மணி நேரத்தை அடைக்க யாராலும் ஆகாது.

இடைவெளி விட்டுத் திருப்புவதில் கண்ணுக்குத் தெரியாத செலவு இதுதான். இன்று நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு துண்டும் வருகிற நாட்களின் நேரத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. முதல் வாரம் இலேசாக இருப்பதைப் பார்த்து வேகத்தை நிர்ணயித்தால் இரண்டாம் வாரம் சரிந்துவிடும். பழையவை திரும்பி வரத் தொடங்கிய பிறகு ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பார்த்து, அந்த நாள் தாங்கும் அளவுக்குத்தான் புதியதைத் தொடங்கலாம்.

அந்தச் சனியும் ஞாயிறும், ஜனவரி 11, 12 தேதிகளில், புதிதாக எதையும் தொடவில்லை. 86 துண்டுகளையும் ஒவ்வொன்றாக நான் கேட்டேன். துண்டுக்கு மூன்று கேள்வி, ஐந்து நிமிடம், புத்தகம் என் கையில். இரண்டு நாளில் ஏழு மணி நேரம் இதற்கே போனது, ஆனால் இரண்டு மாதத்தில் இதைவிடப் பயனுள்ள ஏழு மணி நேரம் வேறு இல்லை என்பேன். 30 துண்டுகள் அவனுக்கு ஏற்கெனவே வந்தன. அவற்றை மறுபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை, திருப்புதலில் மட்டும் சேர்த்தால் போதும். முதல் வாரத்தில் படித்தவற்றில் 8 நன்றாக நின்றிருந்தன. மிச்சம் 48. இந்தச் சோதனை இல்லாமல் அட்டவணை போடுகிறவர்கள் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே நேரம் கொடுக்கிறார்கள். அதிலும் தெரிந்த பாடத்தையே பிரியமாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். தம்பி அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள் பாடத்தை அப்படித்தான் மூன்று தடவை போட்டு வைத்திருந்தான்.

இடைவெளிகளையும் மாற்றினேன். மறுநாளே பார்ப்பதை எடுத்துவிட்டேன். நேற்றுப் படித்தது இன்று எப்படியும் நினைவில் இருக்கும், அதைப் பார்த்து மகிழ்வதில் நேரம் போகிறது. எவ்வளவு இடைவெளி நல்லது என்பது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு பல இடைவெளிகளை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறது. தேர்வு தள்ளியிருந்தால் இடைவெளியும் நீள வேண்டும். இரண்டு மாதத்துக்கு நான் எடுத்துக்கொண்டது மூன்று தடவை: படித்த நாளிலிருந்து 2ஆம் நாள், 8ஆம் நாள், 20ஆம் நாள். நாளைக்கு இரண்டு புதிய துண்டு, ஐம்பது நிமிட வீதம் நூறு நிமிடம். பழையவை ஆறு, பதினைந்து நிமிட வீதம் தொண்ணூறு நிமிடம். தெரிந்த முப்பதிலிருந்து ஒன்று அல்லது இரண்டுக்கு இருபது நிமிடம். கூட்டினால் 210 நிமிடம், சரியாக மூன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை புதியது எதுவும் கிடையாது. பாக்கியைத் தீர்ப்பதற்கும் மூன்று மணி நேர முழு வினாத்தாள் ஒன்றை எழுதித் திருத்துவதற்கும் அந்த நாள்.

இந்தத் தேதிகளைக் கட்டம் போட்ட தாளில் வைத்துப் பார்த்தேன், இரண்டே நாளில் குழம்பியது. அப்போது கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய தினசரி காலண்டர். மளிகைக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது, நாளுக்கு ஒரு தாள், நல்ல நேரம், ராகு காலம், கீழே ராசி பலன். அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு துண்டைப் படித்து முடித்த உடனே, காலண்டரைப் புரட்டி 2, 8, 20 நாள் தள்ளியிருக்கும் மூன்று தாள்களின் பின்பக்கத்தில் அதன் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுவான். காலையில் எழுந்து முந்தைய நாளின் தாளைக் கிழிப்பான், அன்றைய தாளைத் திருப்பிப் பார்ப்பான், அன்றைக்கு என்ன திரும்பி வருகிறது என்பது அங்கேயே இருக்கும். எதைப் படிக்கலாம் என்று யோசிப்பதில் காலை நேரம் போகவில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஒரு தாளில் எட்டு வரிக்கு மேல் கூடாது. எட்டு வரி நிறைந்திருந்தால் அடுத்த தாளுக்குப் போக வேண்டும், முன்தாளுக்குப் போகக் கூடாது. 8ஆம் நாள் வர வேண்டியது 9ஆம் நாளிலோ 10ஆம் நாளிலோ வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு தாளில் பன்னிரண்டு வரி நின்றால்தான் கெடும். அன்றைக்குப் பாதி நிற்கும், மறுநாள் தாளைத் திருப்பிப் பார்க்கவே கை வராது. அடுத்த வாரத் தாள்கள் வரிசையாக எட்டு எட்டாக நிறைந்திருந்தால், இந்த வாரம் புதியதை ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

திருப்புதல் என்றால் என்ன என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. அவன் புத்தகத்தைத் திறந்து அடிக்கோடிட்ட வரிகளின்மீது கண்ணை ஓட்டிவிட்டு, “தெரியும் அக்கா” என்பான். “தெரியும் என்றால் எழுதிக் காட்டு” என்பேன். மின்கலங்கள் துண்டை வைத்துச் சொல்கிறேன். அதை ஜனவரி 23ஆம் தேதி வியாழக்கிழமை படித்தான். 25ஆம் தேதி சனிக்கிழமை முதல் முறை திரும்பி வந்தது. வெற்றுத்தாள் ஒன்று, பதினைந்து நிமிடம், புத்தகம் மூடியிருக்க வேண்டும். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைச் சரியாக எழுதினான்:

E = E° − (0.0591/n) log Q

ஆனால் டேனியல் மின்கலத்துக்கு Q எழுதச் சொன்னபோது, காப்பரை மேலேயும் துத்தநாகத்தைக் கீழேயும் வைத்தான். துத்தநாகம் கரைந்து அயனியாகிறது, காப்பர் அயனி உலோகமாகப் படிகிறது. விளைவது மேலே, வினைபடுவது கீழே. Q = [Zn²⁺]/[Cu²⁺] என்று வர வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்திருந்தால் இந்தத் தவறு வெளியே வந்தே இருக்காது, கண் சரியான விடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கும். காலண்டரில் 31ஆம் தேதித் தாளில் இருந்த அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் “Q தலைகீழ்” என்று குறித்துவைத்தான்.

31ஆம் தேதி வெள்ளிக்கிழமை Q சரியாக வந்தது. இந்தத் தடவை ஃபாரடே இரண்டாம் விதி பாதியில் நின்றது. பிப்ரவரி 12ஆம் தேதி மூன்றாம் முறை வந்தபோது இரண்டும் வந்தன, பத்தே நிமிடத்தில் எழுதி முடித்துப் பச்சைப் புள்ளி வைத்தான். மூன்று முறைக்கும் ஒரே வேலையைக் கொடுக்கவில்லை. முதல் முறை வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுவது, இரண்டாம் முறை மூன்று மதிப்பெண் வினாக்கள் இரண்டும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றும், மூன்றாம் முறை பாடத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களோடு இன்னொரு ஐந்து மதிப்பெண் வினா.

மூன்றாம் முறையும் சிவப்பாகவே இருக்கும் துண்டுகள் ஐந்தாறு வந்தன. அவற்றுக்கு நான்காவது தேதி கொடுக்கவில்லை. மூன்று முறை பார்த்தும் நிற்காதது பெரும்பாலும் மறதியால் நிற்காததல்ல, புரியாததால் நிற்காதது. அவனுக்கு மாறுதிசை மின்னோட்டத்தில் கட்ட வேறுபாடு அப்படித்தான் இருந்தது. படத்தைப் பார்த்து வரைந்தான், மறந்தான், மறுபடி வரைந்தான். பள்ளியில் இயற்பியல் ஆசிரியரிடம் மாலை சிறப்பு வகுப்பு முடிந்து இருபது நிமிடம் கேட்டு வந்தான், பிறகு அது நின்றது.

கணிதத்துக்கு வெற்றுத்தாள் போதவில்லை. ஒரு பாடத்தைத் திருப்பும்போது எல்லாக் கணக்கும் அந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று முன்பே தெரிந்துவிடுகிறது. தேர்வில் எந்தப் பாடம் என்று யாரும் சொல்வதில்லை. கிழித்த காலண்டர் தாள்களை நான்காக வெட்டி, சீட்டுக்கு ஒரு பயிற்சிக் கணக்கின் எண்ணை எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். தினமும் மூன்று சீட்டு, கண்ணை மூடி எடுக்க வேண்டும். வந்த கணக்கைப் பிடிக்கவில்லை என்று திரும்பப் போடக் கூடாது. சரியாக வந்த சீட்டு ஒரு வாரத்துக்கு வெளியே இருக்கும், தவறாக வந்தது அன்றே டப்பாவுக்குள் திரும்பிப் போகும். தமிழுக்கு வேறு வழி. மனப்பாடப் பாடலும் குறளும் காலையில் முதல் பத்து நிமிடம், சொல்லிப் பார்ப்பது இல்லை, எழுதிப் பார்ப்பது. வாயில் சரளமாக வருவது பேனாவில் வரும்போது ஒற்றெழுத்து விழுந்துவிடும். பகுபத உறுப்பிலக்கணத்துக்கும் புணர்ச்சிக்கும் நாளுக்கு ஒரு சொல் என்று அதிலேயே சேர்த்தோம்.

எதை முதலில் தொடங்குவது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதற்குத் தேர்வுக் கால அட்டவணையே வழிகாட்டியது. என் அனுபவத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் அதில் தேதிகளை மட்டும் பார்க்கிறார்கள், தேதிகளுக்கு நடுவில் உள்ள நாட்களைப் பார்ப்பதில்லை. அவனுக்கு வந்தவை: தமிழ் மார்ச் 3, ஆங்கிலம் 6, கணிதம் 11, உயிரியல் 18, வேதியியல் 21, இயற்பியல் 25. கணிதத்துக்கும் உயிரியலுக்கும் நடுவில் ஆறு முழு நாள். உயிரியலுக்கும் வேதியியலுக்கும் நடுவில் 19, 20 என்று இரண்டே நாள். பதினைந்து பாடமுள்ள வேதியியலுக்கு இரண்டு நாள்!

ஆறு நாளைப் பார்த்ததும் யாருக்கும் கை தளரும், உயிரியலை நிதானமாகப் படிக்கலாம் என்று தோன்றும். அந்த ஆறில் முதல் மூன்று நாளை, மார்ச் 12, 13, 14 தேதிகளை, வேதியியலுக்கு எழுதிவைத்தோம். அதுவும் ஜனவரியிலேயே, காலண்டர் தாளில், அவன் மனம் மாறுவதற்கு முன்பே. 18 துண்டு, நாளுக்கு ஆறு. 15, 16, 17 தேதிகள் உயிரியலுக்கு. 19, 20 தேதிகளில் வேதியியலில் சிவப்புக் குறியிட்டவை மட்டும். இப்படி வைத்ததால் வேதியியலின் கடைசித் திருப்புதல் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பும், அதன் மிச்சம் முந்தைய இரண்டு நாளிலும் விழுந்தது. தமிழுக்கு இது நேர்மாறு. அது முதலில் வருவதால் தேர்வு தொடங்கிய பிறகு அதற்குச் சலுகை நாள் எதுவும் கிடைக்காது, எல்லாத் திருப்புதலும் மார்ச் 2க்குள் முடிய வேண்டும். அதனால் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் தெரியாத துண்டுகளை ஜனவரியிலேயே தொடங்கிவிட்டோம். இயற்பியலின் பின்பாதியும் உயிரியலின் கடைசிப் பாடங்களும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயின. பிப்ரவரி 20இல் தொடங்கும் இயற்பியல் துண்டுக்கு 20ஆம் நாள் என்பது மார்ச் 12. தேர்வு 25இல்தான் என்பதால் அது தாங்கும். அதே நாளில் ஒரு தமிழ் இயலைத் தொடங்கினால் தாங்காது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் தேதிகள் வேறாக இருக்கும், பாடப் பிரிவும் வேறாக இருக்கும், இந்தக் கணக்கை அந்தத் தேதிகளோடு புதிதாகத்தான் போட வேண்டும்.

நாங்கள் எழுதியபடியே எல்லாம் நடக்கவில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் எதுவும் எழுதிவைக்கவே இல்லை. எங்கள் தெருவில் காணும் பொங்கலன்று ஒரு பிள்ளையைப் புத்தகத்தோடு உட்கார வைப்பது நடக்காத காரியம், அதற்குத் தாளில் வரி எழுதிவைத்தால் வீண் பாக்கிதான் சேரும். செய்முறைத் தேர்வு நடந்த வாரத்தில் புதியதை நிறுத்திப் பழையவற்றை மட்டும் பார்த்தான். வேதியியல் செய்முறைக்கே மாலை நேரம் சரியாக இருந்தது. இவை முன்கூட்டித் தெரிந்த இழப்புகள், கணக்கிலேயே ஆறு நாள் உபரி வைத்திருந்தோம்.

தெரியாமல் வந்தது காய்ச்சல். பிப்ரவரி 15 முதல் 18 வரை நான்கு நாள் படுத்துவிட்டான். கிழிக்காத நான்கு தாள்களில் 28 வரிகள். அம்மா, “எல்லாத் தேதியையும் நாலு நாள் தள்ளிப் போட்டுவிடு” என்றார். அப்படித் தள்ளினால் எல்லாத் துண்டும் நான்கு நாள் நகரும், தேர்வு நகராது. மொத்தமும் கடைசி வாரத்தில் வந்து குவியும். அதனால் 28 வரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பிரித்தோம். கடந்த முறை பச்சையாக வந்தவை 10. அவற்றில் உயிரியல், வேதியியல், இயற்பியல் துண்டுகளை அந்தந்தத் தேர்வுக்கு முந்தைய நாட்களுக்கு அனுப்பினோம், கணிதத்தில் இருந்தவற்றை டப்பா பார்த்துக்கொண்டது. சிவப்பாக வந்தவை 6, அவற்றைத்தான் எழுந்து உட்கார்ந்த முதல் நாளில் செய்தான். மீதி 12ஐ அந்த வாரச் சனி, ஞாயிறுகளில் பங்கிட்டோம். இன்னும் தொடங்காமல் இருந்த நான்கு துண்டுகளில் இரண்டை மட்டும் தொடங்கினான். அன்றாட வாழ்வில் வேதியியல் பாடத்தில் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்களோடு நிறுத்திக்கொண்டான். இயற்பியலில் அண்மைக்கால வளர்ச்சிகளைப் பற்றிய கடைசிப் பாடத்துக்கும் அதே கதிதான். எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் கடைசிப் பத்து நாளில் புதிதாக இரண்டை நுழைத்து, பழைய பன்னிரண்டைத் திருப்பாமல் விடுவதில் நட்டம் அதிகம்.

ஒன்றைச் செய்யாமல் விட்டதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பள்ளியில் நடக்கும் திருப்புதல் தேர்வுகளைக் காலண்டரோடு சேர்க்கவில்லை. பள்ளி ஒரு பாடத்துக்கு முழுத் தேர்வு வைக்கும் நாளில், அந்தப் பாடத்தின் எல்லாத் துண்டுக்கும் அதுவே ஒரு திருப்புதல் ஆகிவிடுகிறது. திருத்திய விடைத்தாளைப் பார்த்து, சரியாக எழுதியவற்றின் அடுத்த வரியைக் காலண்டரிலிருந்து அடித்துவிட்டிருக்கலாம். நாங்கள் பள்ளித் தேர்வுக்கும் படித்து, மறுநாள் அதே துண்டை வீட்டிலும் எழுதினோம். ஜனவரி கடைசி வாரத்தில் தாள்கள் நிறைந்து வழிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். முழு வினாத்தாளையும் நாங்கள் பிப்ரவரியில்தான் ஒழுங்காகத் தொடங்கினோம். துண்டு துண்டாகப் பச்சைப் புள்ளி வாங்கிய பையன், மூன்று மணி நேரத் தாளில் முதல் முறை இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களைத் தொடக்கூட நேரமில்லாமல் எழுந்தான். நினைவில் இருப்பது வேறு, நேரத்துக்குள் எழுதுவது வேறு. அதற்குக் காலண்டர் உதவாது, ஞாயிற்றுக்கிழமைத் தாள்தான் உதவும்.

மார்ச் மாதம் காலண்டர் மெலிந்துபோயிருந்தது. தமிழ்த் தேர்வன்று காலையில் மனப்பாடப் பகுதியை எழுதிப் பார்த்தான், பத்து நிமிடத்தில் மூடிவைத்தான். கணிதம் முடிந்த மறுநாள், 12ஆம் தேதி, அவன் கூட்டாளிகள் கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள். அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான், வேதியியல் ஆறு வரி என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. ஆறையும் முடித்துவிட்டு மாலையில் போனான்.

மார்ச் 20ஆம் தேதித் தாளில் நான்கே வரிகள் இருந்தன. மறுநாள் வேதியியல். ஏழரைக்கெல்லாம் நான்கையும் முடித்துவிட்டான். அதில் மூன்றாவது மின்கலங்கள், பக்கத்தில் பழைய சிவப்பு மை. Q எழுதிக் காட்டச் சொன்னேன், துத்தநாகத்தை மேலே வைத்தான். “வேறு ஏதாவது கேள், அக்கா” என்றான். கேட்பதற்கு என்னிடம் தாளில் ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தோம், அப்பாவுக்கு முன்பாகவே அவன் தூங்கிவிட்டான்.